முதல் இரண்டு வாக்கியம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கட்டுரை எழுதுவது எப்படி' என்று பேசச் சொன்னார்கள். ஒரு மாலைக்குள் அடங்குகிற விஷயமா அது? அதனால் அதில் ஒரு ஓரத்தை மட்டும் கிள்ளி எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையின் தொடக்கம், அதிலும் முதல் இரண்டு வாக்கியம். எழுதுவதைப் பற்றிக்கூட நான் பேசப்போவதில்லை, எழுதி முடித்ததைத் திருத்துவதைப் பற்றித்தான். தொடக்கம் என்பது கடைசியில் செய்யவேண்டிய வேலை என்பது என் கட்சி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது விளக்கக் கட்டுரைக்கும் செய்முறைக் கட்டுரைக்கும்தான். சிறுகதைக்கும் நினைவுக் கட்டுரைக்கும் இது பொருந்தாது. அங்கே வாசகர் எழுத்தாளரோடு நடந்துபோக வந்திருக்கிறார், எங்கே போகிறோம் என்று தெரியாதது அவருக்குச் சுகம். செய்முறைக் கட்டுரைக்கு வருகிறவர் அப்படியில்லை. கையில் ஒரு பிரச்சினையோடு வருகிறார். இது எனக்கா, இல்லையா என்று பார்க்கிறார். இல்லையென்று தோன்றினால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். நான் வேலை பார்க்கும் இதழுக்கு ஒரு வாசகி அனுப்பியது. சென்னையில் மொட்டை மாடித் தோட்டம் வைத்திருக்கிறார். தக்காளிச் செடியில் பூ உதிர்வது பற்றி எழுதியிருந்தார். விஷயம் தெரிந்தவர் என்பது உள்ளே போனால் புரியும். ஆனால் உள்ளே போகவேண்டுமே! தொடக்கம் இப்படி இருந்தது:

"இன்றைய நவீன உலகில் நஞ்சில்லா உணவின் தேவை நாளுக்கு நாள் அதிகரித்து வருகிறது. நகரங்களில் வசிக்கும் பலரும் தங்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்கறிச் செடிகளை வளர்ப்பதில் ஆர்வம் காட்டி வருகின்றனர். அவற்றுள் தக்காளி முக்கிய இடத்தைப் பிடிக்கிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட தக்காளியில் வைட்டமின் சி உள்ளிட்ட பல சத்துகள் அடங்கியுள்ளன. எனினும் தக்காளி வளர்ப்போருக்குப் பல்வேறு பிரச்சினைகள் ஏற்படுகின்றன. அவற்றுள் ஒன்றான பூ உதிர்தல் பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

சிரிக்கிறீர்கள். நாம் எல்லோரும் இப்படி எழுதியவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் 'முன்னுரை' என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு கிழித்து, உலகத்திலிருந்து ஆரம்பித்துப் பொருளுக்கு இறங்கி வரப் பழக்கியிருக்கிறார்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் கடைசிவரை படித்தே ஆகவேண்டும், அது அவர் சம்பளம். இதழை விரிக்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இந்த ஆறு வாக்கியத்தில் எது தப்பு என்று கேட்டால், எதுவுமே தப்பில்லை. அத்தனையும் உண்மை. அதுதான் சிக்கல். முதல் ஐந்து வாக்கியத்தையும் அப்படியே கத்தரிக்காய்க் கட்டுரைக்கு எடுத்துப்போகலாம். காயின் பெயரையும் தென் அமெரிக்காவையும் மட்டும் மாற்றினால் போதும். நான் திருத்த உட்காரும்போது முதலில் செய்கிற சோதனை இது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறொரு கட்டுரையின் தலையில் வைத்துப் பார்ப்பேன். அங்கேயும் பொருந்தினால் பென்சிலால் அடித்துவிடுவேன். இங்கே அடித்து முடித்தபோது மிஞ்சியது ஆறாவது வாக்கியம் மட்டும். அதுவும் தலைப்பிலேயே இருக்கிற செய்தி. 'தக்காளிப் பூ உதிர்கிறதா?' என்று தலைப்பில் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வருகிறார்? அவரிடம் மறுபடியும் பூ உதிர்தல் பற்றிக் காண்போம் என்றால், தெரியும், அதற்குத்தானே வந்தேன் என்பார்.

ஆக, தொடக்கமே இல்லை. புதிதாக ஒன்று வேண்டும். இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு, கவர்ச்சியாக எதையாவது யோசிக்கத் தொடங்குகிறார்கள். "உங்கள் தக்காளிச் செடி ஏன் காய்க்கவில்லை தெரியுமா?" என்று கேள்வி. தெரிந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்? அல்லது, "அன்று காலை மாடிக்குப் போன நான் அதிர்ந்து நின்றேன்" என்று ஒரு மர்மம். எதற்கு அதிர்ந்தார் என்று தெரிந்துகொள்ள நான்கு பத்தி போகவேண்டும். போய்ப் பார்த்தால் நான்கு பூ கீழே கிடக்கிறது. வாசகர் ஏமாந்துபோவார். அடுத்த முறை இந்தப் பெயரைப் பார்த்தாலே ஒதுங்குவார்.

யோசிக்கவே வேண்டாம் என்கிறேன் நான். தேடினால் போதும். எழுதியவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால், வாசகரைப் பிடித்திழுக்கிற கொக்கி அவருடைய கட்டுரைக்குள்ளேயே எங்கோ கிடக்கும். பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது பத்தியில். எழுதுகிறவருக்குக் கை சூடேறப் பிடிக்கிற நேரம் அது. அதனால் தொடக்கத்தை மூடி வைத்துவிட்டு, உடலை மட்டும் ஒரு முறை படியுங்கள். எந்த இடத்தில் 'அட' என்று நிமிர்ந்தீர்களோ அங்கே ஒரு கோடு போடுங்கள். ஒரே ஒரு கோடு.

நான் கோடு போட்ட இடம் நான்காவது பத்தியின் நடுவில் இருந்தது. தக்காளியின் பூக்காம்பில் நடுவாக முட்டிபோல ஒரு கணு இருக்கும், பார்த்திருப்பீர்கள். மகரந்தம் வலுவிழந்து பூ கருவுறாமல் போனால், செடி அந்தக் கணுவில் பூவைக் கழற்றிவிடும். பகல் வெயில் 35 டிகிரியை ஒட்டிப் போனால் மகரந்தம் கெடும் என்பது பலருக்குத் தெரியும். அவர் அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தார். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் காய் பிடிப்பது கெட்டுப்போகும். சென்னையில் மே மாதம் விடியற்காலையிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே போகாத நாட்கள் ஏராளம். பகலெல்லாம் வலை கட்டி நிழல் கொடுத்தாலும் பூ உதிர்வதற்கு இது ஒரு காரணம் என்று ஒரு துணை வாக்கியமாக, போகிறபோக்கில் சொல்லியிருந்தார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லோரும் வெயிலைத் திட்டுகிறோம். இவர் இரவைக் காட்டுகிறார். இதுதான் கொக்கி. வாசகரின் கையில் இருக்கும் பிரச்சினையும், அவர் எதிர்பார்க்காத காரணமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஜோடனை எதுவும் தேவையில்லை, தூக்கி மேலே வைத்தால் போதும்.

முதல் வரைவு இப்படி வந்தது: "உங்கள் தக்காளிச் செடி பூத்துப் பூத்து உதிர்கிறதென்றால் உரப்பையைக் கீழே வையுங்கள், சென்னையின் வெப்ப இரவில் அந்தப் பூவின் மகரந்தம் செத்துவிடுகிறது."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடலில் அப்படிச் சொல்லவில்லை. உடலில் 'வலுவிழக்கும்' என்று இருக்கிறது, மேலே தூக்கும்போது 'செத்துவிடுகிறது' ஆகிவிட்டது. பூ உதிர வேறு காரணங்களும் உண்டு என்று அவரே கீழே எழுதியிருக்கிறார். தழைச்சத்து அதிகமாகிவிட்டால் இலை கரும்பச்சையாகச் செழித்து நிற்கும், பூவும் காயும் குறையும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் தொட்டி நிறைய ஊற்றினாலும் உதிரும். இதையெல்லாம் அறிந்தவர் எழுதிய கட்டுரையின் தலையில், எல்லாவற்றுக்கும் இரவுதான் காரணம் என்று வைத்தால், கட்டுரையே தன் தொடக்கத்தைப் பொய்யாக்கும். கொக்கியை மேலே ஏற்றும்போது பத்தில் ஒன்பது பேர் ஒரு பிடி உப்பு கூடப் போட்டுவிடுகிறோம். அதனால் இது ஒரு தனி வேலை. முதல் வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு வினைச்சொல்லையும் உடலில் உள்ளதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நான் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். மாதத்தையும் போட்டேன். கூர்மை குறைந்ததா என்றால், இல்லை. 'ஏப்ரல், மே' என்றதும் இன்னும் நெருக்கமாகிவிட்டது.

இனி இரண்டாவது வாக்கியம். என்ன வரப்போகிறது என்று அதுதான் சொல்லவேண்டும்.

இதில் நமக்குப் பழைய வழிகாட்டி ஒருவர் இருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்கவேண்டும் என்று எட்டு விஷயங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். பெயரையெல்லாம் இதழில் வேறு இடத்தில் அச்சிட்டுவிடுகிறோம். ஆனால் கடைசி மூன்றைப் பாருங்கள். எதைப் பற்றி, யாருக்கு, என்ன கிடைக்கும். நம் இரண்டு வாக்கியமும் செய்யவேண்டிய வேலை இவ்வளவுதான். வாசகியின் பழைய தொடக்கத்தில் ஆறு வாக்கியம் இருந்தும் பொருள் மட்டும்தான் இருந்தது. கேட்போரும் இல்லை, பயனும் இல்லை.

மேல்நாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கும் இதற்கு வழக்கம் உண்டு. அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையின் நீண்ட செய்திக் கட்டுரைகள் இதற்குப் பேர்போனவை. ஒரு மனிதரின் சம்பவத்தோடு தொடங்கி, சில பத்தி தள்ளி, இந்தக் கட்டுரை எதற்கு என்று ஒரே பத்தியில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அந்தச் சில பத்தி அவகாசம் இருக்கிறது. நமக்கு, தக்காளிக்கு, ஒரு வாக்கியம்.

எப்படி எழுதுவது? உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்து ஓரத்தில் இரண்டு மூன்று சொல்லில் குறிப்பு எழுதுங்கள். பிறகு ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். அந்தக் கட்டுரையின் ஓரத்தில் எனக்கு வந்தது: தக்காளியின் வரலாறு, சத்துகள், இரவு வெப்பம், வேறு காரணங்கள், கண்டுபிடிப்பது, நிழல்வலை, நிழல்வலை, நிழல்வலை, காலையில் காம்பைத் தட்டுவது, விதைக்கும் மாதம் (ஒரு வரி).

இந்த ஓரத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது. தொடக்கத்தைத் திருத்தப் போனேன், கட்டுரையின் எலும்பு வெளியே தெரிந்துவிட்டது. குற்றவாளி இரவு என்றால், நிழல்வலைக்கு மூன்று பத்தி எதற்கு? பச்சை வலை பகல் வெயிலைத் தணிக்கும், இரவைக் குளிர்விக்காது. காம்பைத் தட்டுவதும் அப்படித்தான். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே கருவுறும், அதிர்வு கிடைத்தால் மகரந்தம் நன்றாகக் கொட்டும், அதனால் காலையில் பூங்கொத்தின் காம்பைச் சுண்டிவிடுவது நல்ல வழக்கம். ஆனால் கொட்டுகிற மகரந்தமே வலுவிழந்திருந்தால் சுண்டி எவ்வளவு லாபம்? உண்மையான தீர்வு, செடி குளிர்ந்த இரவுகளில் பூக்கும்படி விதைப்பதுதான். அதாவது ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, நாற்றை மழையிலிருந்து காப்பாற்றி, தையில் பூக்க வைப்பது. அதற்குத்தான் ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார்.

அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, உங்க கட்டுரையோட முதல் வரி கேட்கிற கேள்விக்குக் கடைசி வரியில் பதில் இருக்கு. நடுவில இருக்கறது வேற கேள்விக்கு." அவர் சிரித்துவிட்டு, "அது எனக்குத் தெரிஞ்ச விஷயம், அதனால சுருக்கிட்டேன் சார்" என்றார். தெரிந்ததைச் சுருக்குவதும், தேடிப் படித்ததை விரிப்பதும் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற நோய். இரண்டே நாளில் விதைப்புப் பகுதியை நான்கு பத்தியாக்கி அனுப்பினார். அவர் நாற்றுக்கு மழையில் மூடாக்குப் போடும் விதம் எல்லாம் அதில்தான் வந்தது. நிழல்வலை ஒரு பத்திக்குள் அடங்கியது. வரலாறும் வைட்டமினும் போயின.

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் செலவழித்தோம் என்றால் நம்புவீர்களா? 'இப்போது நிற்கும் செடியைக் காப்பாற்றுவது எப்படி' என்று எழுதியிருந்தேன். வலையும் தட்டுவதும் மே மாதச் செடியைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது, ஓரளவு உதவும். அதனால் 'என்ன செய்யலாம்' என்று இறக்கினோம். கொடுக்க முடிகிற அளவுக்குத்தான் வாக்குக் கொடுக்கவேண்டும். கட்டுரை நன்றாக இருந்தும் வாசகர் 'ஏமாற்றிட்டான்' என்று சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, தமிழுக்கே உரிய தொல்லை. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. பெயரெச்சம் எல்லாம் பெயருக்கு முன்னால் வரிசையில் நிற்கும். இரண்டு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றதும் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள்: "மொட்டை மாடியில் தொட்டிகளில் வளர்க்கப்படுகின்ற, கோடைக்காலத்தின் அதிகரித்த இரவு வெப்பத்தால் பூக்கள் உதிரும் நிலைக்கு ஆளாகின்ற தக்காளிச் செடிகளைப் பராமரிப்பதற்கான வழிமுறைகள்..." வாசகர் 'தக்காளி' என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் பன்னிரண்டு சொல்லைத் தலையில் சுமக்கவேண்டியிருக்கிறது. எது எதை விசேஷிக்கிறது என்று தெரியாமலே சுமக்கிறார். மருந்து எளிது. முக்கியமான பெயரை முன்னால் கொண்டுவாருங்கள். வாக்கியத்தை 'என்றால்' என்ற இடத்திலோ அரைப்புள்ளியிலோ உடையுங்கள். பட்டியல் வந்தால் அதைச் சின்னச் சின்னக் கேள்வித் தொடராக வையுங்கள். 'எப்படி', 'என்ன', 'எந்த மாதம்' என்று. ஒவ்வொன்றும் தனியாக மூச்சுவிடும். உரக்கப் படித்துப் பாருங்கள், நடுவில் மூச்சு வாங்கினால் அங்கேதான் உடைக்கவேண்டும்.

கடைசியாக அச்சுக்குப் போனது இது:

"தக்காளிச் செடி நிறையப் பூத்தும் காய் பிடிக்காமல் பூவெல்லாம் காம்போடு கழன்று விழுகிறதென்றால் உரப்பையைக் கீழே வையுங்கள், ஏப்ரல், மே மாதச் சென்னையில் பெரும்பாலும் குற்றவாளி, குளிராத இரவுதான். அதை உறுதிசெய்வது எப்படி, இப்போது நிற்கும் செடிக்கு என்ன செய்யலாம், அடுத்த முறை எந்த மாதம் விதைப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்."

'வரிசையாக' என்ற சொல் சும்மா வரவில்லை. கட்டுரை அதே வரிசையில்தான் போகவேண்டும். முன்னுக்குப் பின் மாற்றிவிட்டால், விதைக்கும் மாதத்துக்காக வந்தவர் நடுவில் தேடி அலைவார்.

ஒரு நண்பர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "காரணத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை யார் படிப்பார்கள்?" நல்ல கேள்வி. துப்பறியும் கதையில் குற்றவாளியை முதல் பக்கத்தில் சொல்லக்கூடாது, சரி. இங்கே வாசகருக்குக் குற்றவாளி முக்கியமில்லை, செடி முக்கியம். இரவுதான் காரணம் என்று கேட்டதும் அவர் மனதில் உடனே இரண்டு கேள்வி எழுகிறது. என் செடிக்கும் அதுதானா? இரவை நான் என்ன செய்ய முடியும்? அந்த இரண்டுக்கும் பதில் உள்ளே இருக்கிறது என்று அடுத்த வாக்கியம் சொல்கிறது. மறைத்து வைப்பதால் கிடைக்கிற ஆர்வத்தைவிட, சொன்னதால் எழுகிற கேள்வியில் உள்ள ஆர்வம் நீடிக்கும் என்பது என் அனுபவம். ஆனால் ஒன்று, காரணம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தால் இது பலிக்காது. 'தண்ணீர் ஊற்றாததால் செடி வாடுகிறது' என்பதை முதல் வரியில் வைத்தால் அந்த வாசகர் அங்கேயே விடைபெற்றுக்கொள்வார். அப்படிப்பட்ட கட்டுரையில் தொடக்கத்தைத் திருத்திப் பயனில்லை, எழுத விஷயம் இருக்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்வது இது. தலைப்பை மறைத்துவிட்டு, அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுவேன். நன்றாக இருக்கிறதா என்று கேட்கமாட்டேன், நம் ஆட்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 'இதற்கப்புறம் என்ன வரும்னு நினைக்கிறீங்க?' என்று கேட்பேன். அவர் சொல்வதும் நான் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் ஒத்துப்போனால் விட்டுவிடுவேன். எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற அம்மாவிடம் இதைப் படித்தபோது மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "எங்க அக்கா ஊட்டியில இருக்கா, அவ செடியிலயும் பூ கொட்டுதே, அங்க ராத்திரி குளுருமே?" என்று கேட்டார்.

அதுவும் பவணந்தி சொன்ன 'கேட்போர்' விஷயம்தான். சென்னை என்று போட்டதால் இது ஊட்டிக்காரருக்கில்லை என்று அந்த அம்மா புரிந்துகொண்டார். அது சரியான விளைவு. தொடக்கம் சிலரை வெளியே அனுப்பவும் வேண்டும். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவேண்டாமே என்று எழுதியவரிடம் கேட்டேன். குளிர் அதிகமான இடத்தில் இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அதை முதல் இரண்டு வாக்கியத்தில் சேர்க்கவில்லை, அங்கே இடமில்லை. 'வேறு காரணங்கள்' பத்தியின் முதல் வரியாகப் போட்டோம்.